பிள்ளை எந்த மொழியில் பதில் சொல்கிறது?

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. டர்பனைச் சூழ்ந்த நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட முதல் கூட்டம் அதில் இருந்தது. 1911-இல் அந்த ஆள்சேர்ப்பு நிற்பதற்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அங்கே இறங்கியிருந்தார்கள். பெரும்பான்மையோர் சென்னை வழியாகப் போனவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சு அந்தத் தோட்டங்களில் கேட்டது.

அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகளுக்கு மொழியைச் சொல்லித்தர யாரும் இல்லை. ஊரிலிருந்து புதிதாக ஆட்கள் வருவதும் நின்றுவிட்டது. ஆனாலும் தமிழ் அங்கே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வாழ்ந்தது. 1960-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழை வீட்டுமொழியாகச் சொன்னவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். 1980 கணக்கெடுப்பில் அந்த எண் 25,000 அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த மக்கள் எங்கும் போய்விடவில்லை. கோவிந்தர், முதலி, நாயுடு, பிள்ளை என்று அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் டர்பனைச் சுற்றியே இருந்தார்கள். மொழி மட்டும் இருபது ஆண்டுகளில் வீட்டை விட்டுப் போனது.

புலம்பெயர்ந்த மொழிகள் மூன்று தலைமுறையில் மறையும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. வந்தவர்கள் தாய்மொழியில் வாழ்கிறார்கள், பிள்ளைகள் இரண்டு மொழி பேசுகிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குக் குடியேறிய நாட்டின் மொழி மட்டுமே மிஞ்சுகிறது. இதைக் கேட்கும்போது ஏதோ ஆற்று நீர் வற்றுவதுபோல மெல்ல நடக்கும் காரியம் என்று தோன்றும். நேட்டாலில் நடந்தது அப்படியல்ல. நெடுங்காலம் அசையாமல் நின்ற மொழி, ஒரே தலைமுறையின் குழந்தைப் பருவத்தில் விழுந்தது. அந்தக் குழந்தைப் பருவத்தில் என்ன மாறியது என்று பார்த்தால், இன்று டொரோண்டோவிலும் லண்டனிலும் ஓஸ்லோவிலும் உள்ள வீடுகளில் எது நடக்கிறது என்பதும் விளங்கும்.

முதலில் மாறியது பள்ளிக்கூடம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. போருக்குப் பிறகு, குறிப்பாக 1950-களிலும் 60-களிலும், சமூகமே பணம் திரட்டிப் பள்ளிகளைக் கட்டியது. பிறகு கல்வி கட்டாயமானது. எல்லாம் ஆங்கில வழி. பெண்கள் படித்தது மிக நல்ல காரியம். அதே சமயம், அடுத்த தலைமுறைக் குழந்தைகளைத் தூக்கி வளர்க்கப்போகும் தாய்மார்கள் முதன்முறையாக ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தார்கள் என்பதும் உண்மை.

இரண்டாவது, குடியிருப்பு. நிறவெறி அரசு 1950-இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கேட்டோ மேனர் போன்ற பழைய இடங்களில் கூட்டுக்குடும்பமாக இருந்தவர்கள் பெயர்க்கப்பட்டு, சாட்ஸ்வர்த், பின்னர் ஃபீனிக்ஸ் என்று இந்தியர்களுக்கென்றே கட்டப்பட்ட புறநகர்களில் குடியேற்றப்பட்டார்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் அடைத்தால் மொழி பிழைத்துவிடும் என்று நாம் நினைப்போம். மாறாக நடந்தது. வரிசை வீடுகள் சிறியவை. தாத்தா பாட்டி ஒரு வீட்டில், மகன் குடும்பம் வேறு வீட்டில். பக்கத்து வீட்டில் போஜ்புரி, எதிர்வீட்டில் தெலுங்கு, தெருமுனையில் குஜராத்தி. தெருவில் விளையாடும் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது பள்ளியில் கற்ற ஆங்கிலம் மட்டுமே.

இந்த இரண்டும் சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்த வழியைத்தான் கவனிக்க வேண்டும். மூத்த பிள்ளை பள்ளிக்குப் போகிறது. ஆங்கிலத்தோடு திரும்பி வருகிறது. தம்பியிடமும் தங்கையிடமும் அதில் பேசுகிறது. தம்பி பள்ளிக்குப் போகுமுன்பே ஆங்கிலம் பேசுகிறான். அம்மா தமிழில் கேட்கிறாள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். யாரும் தமிழை விட்டுவிடுவது என்று முடிவு செய்யவில்லை. அம்மா கடைசிவரை தமிழ்தான் பேசினாள். ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தமக்குக் குழந்தை பிறந்தபோது, வாயில் பழகிய மொழி ஆங்கிலமாக இருந்தது.

மொழி போன பிறகு என்ன எஞ்சியது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் அவற்றைத்தான் காப்பு என்று நம்புகிறோம். கோயில்கள் எஞ்சின. காவடியும் தீமிதியும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் இன்றும் நடக்கின்றன. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். தாத்தா, பெரியம்மா போன்ற உறவுப்பெயர்களும் பண்டங்களின் பெயர்களும் பிழைத்தன. கோயில்களிலும் சங்கங்களிலும் மாலை நேரத் தமிழ் வகுப்புகள் பல பத்தாண்டுகள் நடந்தன. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு, ஊக்குவித்து மதிக்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பற்று, பக்தி, வகுப்பு, சட்டம் எல்லாம் இருந்தும் குழந்தைகள் பேசவில்லை. இவை பேச்சைச் சூழ்ந்து நிற்பவை. பேச்சைக் கொடுப்பவை அல்ல.

சனிக்கிழமை வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை வாரத்தில் விழித்திருக்கும் நேரம் ஏறத்தாழ தொண்ணூறு மணி. அதில் தமிழ் வகுப்பு இரண்டரை மணி. நூற்றில் மூன்று பங்குகூட இல்லை. எழுத்தையும் வாசிப்பையும் கொடுக்க அந்த நேரம் உதவும். ஏற்கெனவே பேசும் பிள்ளைக்கு அது பெரிய வரம். பேசாத பிள்ளையைப் பேச வைக்க அது போதாது. வகுப்பு ஆசிரியர்கள் இதை நன்றாக அறிவார்கள். பணம் கட்டிச் சேர்த்துவிட்டோம், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கும் பெற்றோரைக் கண்டுதான் அவர்கள் தளர்ந்துபோகிறார்கள்.

அப்படியென்றால் வீட்டில் எவ்வளவு பேசினால் போதும்? இதற்குக் கிடைக்கும் மிகத் தெளிவான பதில்களில் ஒன்று பெல்ஜியத்திலிருந்து வந்தது. அன்னிக் டி ஹௌவர் என்ற மொழியியலாளர், டச்சு மொழி வழங்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், வீட்டில் வேறொரு மொழியும் புழங்கும் ஏறத்தாழ 1,900 குடும்பங்களின் தகவலை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகள் அந்த வேற்று மொழியைப் பேசுகிறார்களா என்பதே கேள்வி. தாய் தந்தை இருவரும் வீட்டில் அந்த மொழியை மட்டும் பேசிய குடும்பங்களில் நூற்றுக்கு 97 குடும்பங்களில் பிள்ளைகள் அதைப் பேசினார்கள். இருவருமே இரண்டு மொழியையும் கலந்து புழங்கிய வீடுகளில் அது 79 ஆனது. ஒருவர் ஒரு மொழி, மற்றவர் மற்ற மொழி என்று பிரித்துக்கொண்ட வீடுகளில் 74. ஒருவர் டச்சு மட்டும் பேச, மற்றவர் இரண்டையும் பேசிய வீடுகளில் வெறும் 36.

இந்த எண்களை ஊன்றிப் பார்த்தால் ஒன்று தெரியும். பெற்றோர் இருவரும் தமிழ் தெரிந்தவர்களாக இருந்தும், வீட்டில் குடியேறிய நாட்டின் மொழிக்கும் இடம் கொடுத்தாலே ஐந்தில் ஒரு வீட்டில் பிள்ளை பேசாமல் போகலாம் என்பது அதன் பொருள். பள்ளியும் தெருவும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்த நாட்டு மொழியை எப்படியும் கொடுத்துவிடும். அதை வீட்டிலும் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. 'இங்கிலீஷ் வராமல் போய்விடுமே' என்ற பயத்தில் மூன்று வயதுப் பிள்ளையிடம் ஆங்கிலத்துக்கு மாறும் பெற்றோர் அனேகம். பேசத் தாமதிக்கும் குழந்தைக்கு 'ஒரு மொழி மட்டும் பேசுங்கள்' என்று அறிவுரை சொல்பவர்களும் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும், இரண்டிலும் பயிற்சி கொடுக்க முடியும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வு 'பேசுகிறார்களா' என்று பெற்றோரைக் கேட்டது. எவ்வளவு நன்றாகப் பேசுகிறார்கள் என்று அளக்கவில்லை. பிள்ளைகளும் சிறுவயதினர். பதினைந்து வயதில் அந்த 97 என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கதை.

பெற்றோர் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பது பாதிதான். நேட்டால் அம்மாக்களும் தமிழில்தானே பேசினார்கள்? மீதிப் பாதி, பிள்ளை வேறு மொழியில் பதில் சொல்லும் அந்தக் கணத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. நார்வேயில் பணியாற்றிய எலிசபெத் லான்சா என்ற ஆய்வாளர், இருமொழிக் குடும்பங்களின் பேச்சைப் பதிவுசெய்து, பெற்றோர் காட்டும் எதிர்வினைகளை ஐந்து வகையாகப் பிரித்தார். டொரோண்டோவில் உள்ள ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில் வைத்து அவற்றைப் பார்ப்போம். நான்கு வயது மகள் வந்து, 'அம்மா, ஐ வாண்ட் வாட்டர்' என்கிறாள்.

அம்மா, 'என்ன பிள்ளை? விளங்கேல்லை, என்ன சொன்னனி?' என்று கேட்கலாம். இது ஒரு வழி. மகள் மறுபடி சொல்லியாக வேண்டும்; தமிழில் சொன்னால்தான் காரியம் நடக்கும்.

'தண்ணி வேணுமோ?' என்று கேட்கலாம். மகள் 'ஓம்' என்றால் போதும், ஆனால் ஒரு பதில் தேவைப்படுகிறது, அதற்கு முன்னால் தேவையான சொற்கள் காதில் விழுந்தும் விட்டன.

'தண்ணி வேணும்' என்று பிள்ளை சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கலாம். சொல் காதில் விழுகிறது. பிள்ளை பேச வேண்டியதில்லை.

ஒன்றும் சொல்லாமல் தண்ணீரை ஊற்றிக் கொடுக்கலாம். அல்லது, 'ஓகே, வெயிட்' என்று தானும் ஆங்கிலத்துக்கு மாறலாம்.

முதல் இரண்டும் உரையாடலைத் தமிழில் நிறுத்துகின்றன. கடைசி இரண்டும், இந்த வீட்டில் ஆங்கிலமே போதும் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுகின்றன. கண்டிப்பான பெற்றோர்கூட, தாங்கள் தமிழ்தான் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டு, நான்காவது வழியிலேயே நாள் முழுக்க இருப்பார்கள். பிள்ளை கேட்கிறது, புரிந்துகொள்கிறது, வேறு மொழியில் பதில் தருகிறது. கேட்டால் புரியும், பேச வராது என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. அந்த நிலையில் உள்ளவருக்குப் பிறக்கும் குழந்தைக்குக் கேட்கக்கூடக் கிடைப்பதில்லை.

இரண்டாவது வழிதான் அன்றாட வீட்டுக்கு ஏற்றது என்பது என் எண்ணம். 'விளங்கவில்லை' என்பது இரண்டு மூன்று வயதில் நன்றாக வேலை செய்யும். ஐந்து வயதுக்குள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். பிறகு அது பொய்யாகப் படும், சில பிள்ளைகள் பேச்சையே நிறுத்திவிடும். அழும்போதும், பள்ளியில் நடந்த ஒரு வேதனையைச் சொல்ல வரும்போதும் மொழியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பதிலை மட்டும் தமிழில் வையுங்கள். சொல் தெரியாமல் தடுமாறும் பிள்ளைக்குச் சொல்லைக் கொடுத்துவிடுங்கள், பரீட்சை வைக்காதீர்கள்.

தடுமாற்றத்தையும் மொழி மாறிவிட்டதையும் எப்படிப் பிரித்து அறிவது? வினைச்சொல்லைக் கவனித்தால் தெரியும். 'ஸ்கூல்ல டீச்சர் இன்னைக்கு ஒரு கேம் சொல்லிக் கொடுத்தாங்க' என்பது தமிழ் வாக்கியம். எத்தனை ஆங்கிலப் பெயர்கள் வந்தாலும் வினையும் வேற்றுமை உருபுகளும் தமிழில் இருக்கின்றன. 'டிசைட் பண்ணிட்டேன்' என்பதும் அப்படியே. இதற்காகப் பிள்ளையைத் திட்டும் பெற்றோரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை தமிழ் பேசிக்கொண்டிருக்கிறது. 'ஐ டோன்ட் வாண்ட் சாதம், பாட்டி' என்பதில்தான் கவலைப்பட வேண்டும். அங்கே தமிழ் இரண்டு பெயர்ச்சொல்லாகச் சுருங்கிவிட்டது. இது எப்போதோ ஒருமுறை வந்தால் ஒன்றுமில்லை. ஒரு மாதமாக இப்படியே வந்தால், வீட்டில் பதில்கள் எப்படிப் போகின்றன என்று பார்க்க வேண்டிய நேரம்.

இனி, சாட்ஸ்வர்த்தின் மூத்த பிள்ளைக்குத் திரும்புவோம். பெற்றோர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், உடன்பிறந்தோர் தமக்குள் பேசும் மொழிதான் இரண்டாவது பிள்ளையின் மொழியைப் பெரிதும் தீர்மானிக்கிறது. முதல் பிள்ளை சரளமாகப் பேச, இரண்டாவது திக்கும் வீடுகள் எத்தனையோ. 'இருவரையும் ஒரே மாதிரிதான் வளர்த்தோம்' என்பார்கள். ஒரே மாதிரி வளரவில்லை. முதல் பிள்ளைக்கு மூன்று நான்கு ஆண்டுகள் பெரியவர்களின் தமிழ் மட்டுமே கிடைத்தது; இரண்டாவதற்கு ஆங்கிலம் பேசும் அண்ணன் தொட்டிலிலிருந்தே கிடைத்துவிட்டான். ஆகவே கவனம் மூத்த பிள்ளையின் மீது இருக்க வேண்டும், அதுவும் அது பள்ளியில் சேரும் முதல் ஆண்டில். தம்பிக்குக் கதை வாசித்துக் காட்டும் வேலையை, குளிப்பாட்டும்போது பாட்டுப் பாடும் வேலையை மூத்த பிள்ளைக்குத் தமிழில் கொடுக்கலாம். இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும்போது நடுவில் இருக்கும் பெரியவர் தமிழை விடாமல் இருக்கலாம். பிள்ளைகள் தனியே விளையாடும்போது காவல் காக்க முடியாது, காக்கவும் கூடாது. ஆனால் அந்த உறவின் முதல் மொழி தமிழாக இருந்தால், பிறகு ஆங்கிலம் வந்தாலும் தமிழ் அங்கேயே கிடக்கும்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் இருப்பதும் பெரிய உதவி, ஒரு நிபந்தனையோடு. சென்னையிலோ கொழும்பிலோ உள்ள மச்சான் மச்சாள்கள் வெளிநாட்டுப் பிள்ளையிடம் தங்கள் ஆங்கிலத்தைக் காட்டத்தான் விரும்புவார்கள். ஆங்கிலம் பேசாத ஒரு வீடு, வயதொத்த பிள்ளைகள் உள்ள ஒரு தெரு, அதுதான் வேண்டும். தயவுசெய்து அந்தப் பிள்ளையின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காதீர்கள் என்று ஊரில் உள்ள உறவினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ழகரம் வராததற்காக ஒரு சித்தப்பா சிரித்த சிரிப்பு, பத்து வயதுப் பிள்ளையின் வாயை ஆண்டுக்கணக்கில் மூடிவிடும்.

தமிழுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது. நாம் பேசுவதும் எழுதுவதும் வேறு வேறு. வீட்டில் 'வந்துட்டாங்க' என்று கேட்ட பிள்ளை, வகுப்பில் 'வந்துவிட்டார்கள்' என்று படிக்கிறது. தான் பேசுவது தவறு என்று அது நினைத்துக்கொள்கிறது. வகுப்பில் கற்றதை வீட்டில் பேசினால் நாடகம்போல இருக்கிறது என்று மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் பாடமாகவும் உண்டு. அங்கும், இந்தியர்களில் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 42 அளவில் இருந்து 2020-இல் 59-ஐத் தொட்டார்கள். அங்குள்ள கல்வியாளர்கள் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டு, 2005-இல் நடந்த பாடத்திட்ட ஆய்வுக்குப் பின் பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள். எண்களை அது திருப்பிவிடவில்லை. ஆனாலும் அது சரியான முடிவு. ஒரு மொழியை முதலில் பேசப் பழகியவர்தான் அதை எழுதவும் விரும்புவார். வீட்டில் உங்கள் ஊர்ப்பேச்சையே பேசுங்கள். மதுரையோ மட்டக்களப்போ, அது பிள்ளையின் தாய்மொழி. எழுத்துத் தமிழ் புத்தகத்தின் வழியாக வரட்டும்.

பத்துப் பன்னிரண்டு வயதில் வேறொரு தடை வரும். அதுவரை வீட்டில் பேசிய தமிழைக் கூர்ந்து கேட்டால், அதில் பாதி ஏவல்: சாப்பிடு, குளி, படி, ஃபோனை வை. வளரும் பிள்ளைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. விளையாட்டு, அரசியல், நண்பனோடு வந்த சண்டை. அதற்கான சொற்கள் தமிழில் அதற்குக் கிடைத்ததே இல்லை. திட்டு வாங்கும் மொழி தமிழாகவும், சிந்திக்கும் மொழி ஆங்கிலமாகவும் பிரிந்துவிட்டால், பிள்ளை எதைத் தேர்ந்துகொள்ளும்? சாப்பாட்டு மேசையில் அன்றைய செய்தியைத் தமிழில் பேசுங்கள். கிரிக்கெட் ஆட்டத்தைத் தமிழ் வருணனையோடு பாருங்கள். உங்கள் வேலையில் வந்த ஒரு சிக்கலைப் பிள்ளையிடம் தமிழில் சொல்லி யோசனை கேளுங்கள். அது சொல்லும் கருத்தோடு மாறுபட்டு வாதாடுங்கள். வாதாடும் ஆசையில் சொற்களைத் தானே தேடும்.

ஏற்கெனவே ஆங்கிலத்துக்கு மாறிவிட்ட வீடுகள் என்ன செய்வது? இரண்டு பேருக்கு இடையில் ஒரு மொழி நிலைத்துவிட்டால் அதை மாற்றுவது மிகக் கடினம். 'நாளையிலிருந்து தமிழ்' என்று அறிவிக்கும் வீடுகளில் அது ஒரு வாரம் நீடிப்பதே அரிது. புதிதாகத் தொடங்கும் உறவில்தான் வாய்ப்பு அதிகம். கேட்டால் புரியும், பேச வராது என்று இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு ஒரு குழந்தை பிறக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குள் இருபது ஆண்டுகளாகக் கேட்ட தமிழ் கிடக்கிறது, நாக்குக்குத்தான் பழக்கமில்லை. குழந்தை பிறப்பதற்கு முன்பே தன் அம்மாவோடு தினம் கால்மணி நேரம் தொலைபேசியில் தமிழில் பேசத் தொடங்கலாம். அந்த அம்மா திருத்தாமல், சிரிக்காமல், ஆங்கிலத்துக்கு மாறாமல் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்குச் சொல்ல வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். பசிக்குதா, தூக்கம் வருதா, அது என்ன, காக்கா பார். குழந்தை வளர வளரத் தாயின் தமிழும் வளரும்.

துணைவர் தமிழ் தெரியாதவர் என்றால், அந்த பெல்ஜிய ஆய்வின் 74-க்கும் 36-க்கும் நடுவில் உள்ள தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டிலும் ஒரு பெற்றோர் அந்த நாட்டு மொழி மட்டுமே பேசுகிறார். மற்றவர் குழந்தையிடம் தமிழ் மட்டும் பேசினால் 74, ஆங்கிலத்தையும் கலந்தால் 36. துணைவர் இருக்கும்போது அவருக்காக ஆங்கிலத்துக்கு மாறுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது, மரியாதைக்காக. அதைத் திருமணத்துக்குப் பின்னோ முன்னோ வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. அவர் தமிழ் பேச வேண்டியதில்லை. தன் முன்னால் தமிழில் பேசப்படுவதைப் பொறுத்துக்கொண்டு, குழந்தையோடு சேர்ந்து தானும் புரிந்துகொள்ள முயன்றால் போதும். குழந்தைக்குச் சொல்லும் எளிய வாக்கியங்களை மூன்று ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அன்றாடத் தமிழில் பெரும்பகுதி தானே புரியத் தொடங்கிவிடும்.